மாடியில் தெரியாத பிரிண்டர்: போனின் வைஃபை விவரத் திரையை வைத்து ஒரு வீட்டு நெட்வொர்க்கைச் சரிசெய்த பதிவு

அக்கா வீட்டில் கீழே ஹாலில் ஃபைபர் பெட்டி இருக்கிறது. அதற்குள்ளேயே ரூட்டரும் உண்டு. மாடிக்கு சிக்னல் போதவில்லை என்று பழைய ரூட்டர் ஒன்றை மேலே வைத்து, கீழிருந்து நெட்வொர்க் கேபிள் இழுத்துச் சொருகியிருந்தார்கள். இரண்டு தளத்திலும் நெட் நன்றாகவே வந்தது. வீடியோ ஓடும், பேசினால் குரல் விட்டுப்போகாது. ஆனால் ஹாலில் இருக்கும் வைஃபை பிரிண்டர் மாடியில் உட்கார்ந்து தேடினால் போனில் தெரியாது. கீழே இறங்கி வந்தால் உடனே தெரியும். ஹால் டிவிக்குப் படம் அனுப்புவதிலும் இதே கதைதான்.

"பிரிண்டர்தான்டா கெட்டுப்போச்சு. வேற வாங்கிடலாம்னு உங்க அத்தான் சொல்றாரு" என்றார் அக்கா. கீழே ஒழுங்காக அச்சடிக்கிற பிரிண்டர் மாடிக்குப் போனதும் கெட்டுப்போகாது. அக்காவின் போனை வாங்கி முதலில் வைஃபை விவரத் திரையைத் திறந்தேன். தனி ஆப் எதுவும் போடவில்லை. இந்த மாதிரி சிக்கலுக்குத் தேவையானது பெரும்பாலும் அந்த ஒரு திரையிலேயே இருக்கும்.

அக்காவினுடையது ஆண்ட்ராய்ட் போன். `Settings` திறந்து `Network & internet`, அதற்குள் `Internet`, அங்கே இணைந்திருக்கும் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரப் படம். அதைத் தொட்டுக் கீழே நகர்த்தினால் `Signal strength`, `Frequency`, `IP address`, `Gateway`, `Subnet mask`, இணைப்பு வேகம் எல்லாம் வரிசையாக வரும். கம்பெனிக்குக் கம்பெனி பாதை கொஞ்சம் மாறும். சாம்சங்கில் `Connections` என்பதற்குள் `Wi-Fi`, பிறகு பல்சக்கரம், சில மாடல்களில் கூடுதலாக `View more`. அத்தானின் ஐபோனில் `Settings`, `Wi-Fi`, பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் i எழுத்து. ஐபோன் கேட்வேயை `Router` என்ற பெயரில் காட்டும். சிக்னலுக்கு எண்ணோ வார்த்தையோ அந்தத் திரையில் தராது. மேலே தெரியும் வளைவுகள் மட்டும்தான்.

சில ஆண்ட்ராய்ட் போன்களில் ஐபி முகவரி இருக்கும், கேட்வே வரி இருக்காது. அப்போது `IP settings` என்பதை, ரூட்டரிடமிருந்து தானாக முகவரி வாங்கும் `DHCP`யிலிருந்து, நாமே எண்ணை நிரப்பும் `Static`க்கு மாற்றினால், நிரப்பும் கட்டங்களில் கேட்வே எண்ணும் தெரியும். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: கட்டத்துக்குள் மங்கலான சாம்பல் நிறத்தில் எண் இருந்தால் அது எப்படி எழுத வேண்டும் என்று காட்டும் வெறும் மாதிரியாக இருக்கலாம். அழுத்தமான கறுப்பில், அல்லது இருண்ட திரையில் வெள்ளையில், தெரிவதைத்தான் நம்பலாம்.

இன்னொரு இடத்திலும் முகவரி கிடைக்கும். `About phone` பக்கத்தில் கீழே `IP address` என்று ஒரு வரி உண்டு. இந்த வேலைக்கு அதை நான் பார்ப்பதில்லை. மொபைல் டேட்டாவின் முகவரியும் அங்கேயே கலந்து வரும். 192.0.0.4 மாதிரி ஒரு எண்ணை அங்கே பார்த்துவிட்டு வீட்டு ரூட்டரில் அதைத் தேடி அலைபவர்கள் உண்டு. சிம் வழியாக ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி மட்டுமே வரும் நெட்வொர்க்குகளில், பழைய வகை முகவரி கேட்கும் ஆப்களுக்காகப் போன் தனக்குள் வைத்துக்கொள்ளும் எண் அது. வீட்டு வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வைஃபை பெயரைத் தொட்டு வரும் திரையில் இந்தக் குழப்பம் வராது.

அக்காவின் போனைக் கீழே ஹாலில் வைத்து ஒரு தடவை, மாடி அறையில் வைத்து ஒரு தடவை பார்த்தேன். தாளில் எழுதிக்கொண்டது இது:

```
ஹால்   IP address 192.168.1.7     Gateway 192.168.1.1
மாடி    IP address 192.168.0.103   Gateway 192.168.0.1
இரண்டிலும் Subnet mask 255.255.255.0
```

விஷயம் முழுவதும் இதிலேயே இருக்கிறது. ஐபி முகவரியை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கேட்வேயோடு சேர்த்து, இரண்டு இடத்திலும் எடுத்து ஒப்பிட வேண்டும். கேட்வே என்பது போன் வெளியே போக நம்பியிருக்கும் பெட்டியின் முகவரி. ஹாலில் இருக்கும்போது ஃபைபர் பெட்டியை நம்பியிருக்கிறது. மாடியில் இருக்கும்போது பழைய ரூட்டரை நம்பியிருக்கிறது. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால், புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களில் முதல் மூன்றும் ஒன்றாக இருப்பவை ஒரே நெட்வொர்க். சில போன்கள் இதையே 24 என்று சுருக்கிக் காட்டும், இரண்டும் ஒன்றுதான். 192.168.1 ஒரு நெட்வொர்க், 192.168.0 வேறொரு நெட்வொர்க். அக்கா ஒரே வீட்டில் மாடிப்படி ஏறுகிறார், போன் ஒரு நெட்வொர்க்கை விட்டு இன்னொன்றுக்குள் போய்விடுகிறது.

192.168 என்று தொடங்கும் எண்கள் எல்லா வீட்டிலும் இருப்பதைப் பார்த்துச் சிலர் குழம்புவார்கள். வீடு, அலுவலகம் போன்ற உள் நெட்வொர்க்குகள் யாரையும் கேட்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கிய எண்கள் அவை. 1996இல் வந்த RFC 1918 என்ற ஆவணம் இப்படி மூன்று தொகுதிகளை ஒதுக்கியது. 10 என்று தொடங்குவது ஒன்று, 172.16 முதல் 172.31 வரை இரண்டாவது, 192.168 மூன்றாவது. பக்கத்து வீட்டிலும் 192.168.1.7 இருக்கலாம், இரண்டும் மோதாது. இந்த எண்ணை வைத்து வெளியிலிருந்து யாரும் போனை எட்ட முடியாது என்பதால், உதவி கேட்கும்போது ஸ்கிரீன்ஷாட்டில் அது தெரிந்தாலும் பரவாயில்லை. அதே திரையில் இருக்கும், கருவியை அடையாளம் காட்டும் மேக் முகவரியையும் வைஃபை பெயரையும் மறைத்துவிடுவது நல்லது.

பிரிண்டருக்கும் ஒரு முகவரி இருக்கும். அதன் சின்னத் திரையில் நெட்வொர்க் நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்தால் 192.168.1.12 என்று இருந்தது. ஆக அது ஹால் பெட்டியின் நெட்வொர்க்கில் இருக்கிறது. மாடி அறையிலிருந்தே அக்காவின் போனில் உலாவியைத் திறந்து `http://192.168.1.12` என்று அடித்தேன். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தது, மை எவ்வளவு மிச்சம் என்பது உட்பட. அக்காவுக்கு ஆச்சரியம். "தெரியலைன்னு சொல்லுது, ஆனா திறக்குதே?"

இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. முகவரி தெரிந்து நேராகக் கேட்டால் மாடி ரூட்டர் அந்தக் கோரிக்கையைத் தன் பேரில் கீழே அனுப்பி, பதிலை வாங்கித் தரும். அதன் கேபிள் ஹால் பெட்டியில்தானே சொருகியிருக்கிறது, 192.168.1 நெட்வொர்க் அதற்கு எட்டும் தூரம். ஆனால் போன் பிரிண்டரைத் தேடும் விதம் வேறு. 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா" என்று ஒரு குரல் கொடுக்கும், கேட்டவை பதில் சொல்லும். தெருவில் கீரை விற்பவர் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்காத மாதிரி, அந்தக் குரலை ரூட்டர் தாண்ட விடாது. டிவிக்குப் படம் அனுப்பும் வசதியும் இதே வகைத் தேடலைத்தான் நம்பியிருக்கிறது. அதனால்தான் இரண்டும் சேர்ந்தே மறைந்தன.

திருப்பியும் ஒரு சோதனை செய்தேன். ஹாலில் நின்று உலாவியில் 192.168.0.1 என்று அடித்தால் எதுவும் வரவில்லை. ஹால் பெட்டிக்கு அப்படி ஒரு நெட்வொர்க் தனக்குக் கீழே இருப்பதே தெரியாது, கோரிக்கையை வெளியே அனுப்பிவிடும், அது அங்கே தொலைந்துபோகும். மாடியிலிருந்து கீழே எட்டுகிறது, கீழிருந்து மாடிக்கு எட்டவில்லை என்றால் ஒரு ரூட்டருக்குப் பின்னால் இன்னொரு ரூட்டர் நிற்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஆண்ட்ராய்டில் பிரிண்டர் அமைப்புக்குள் போய் முகவரியைக் கையால் அடித்துச் சேர்க்கும் வசதி உண்டு. அதைச் செய்திருந்தால் அக்காவின் போனிலிருந்து அச்சு வந்திருக்கும். ஆனால் அத்தானின் ஐபோனில் அப்படிக் கையால் சேர்க்க வழியில்லை, டிவிக்கும் அது உதவாது. பிரிண்டரின் முகவரி மாறிய அன்று அதுவும் நின்றுவிடும். அடிப்படையை மாற்றிவிடுவதே சரி என்று தோன்றியது. மாடியில் இருப்பது ரூட்டராக வேலை செய்யக் கூடாது. கேபிளில் வருவதை அப்படியே வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக மட்டும் இருக்க வேண்டும்.

புதிய ரூட்டர்கள் பலவற்றில் இதற்கு `Access Point` என்று ஒரு நிலை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அது ஒருமுறை அணைந்து எழுந்ததும் வேலை முடிந்தது. அக்கா வீட்டு மாடி ரூட்டர் பழையது, அந்தத் தேர்வு அதில் இல்லை. கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. இங்கே எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம்.

முதலில் ஹால் பெட்டி. உலாவியில் கேட்வே எண்ணான 192.168.1.1 அடித்து உள்ளே போனேன். முகவரி வழங்கும் பகுதியில், அதாவது `DHCP` பக்கத்தில், 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை கொடுக்கலாம் என்று இருந்தது. தொடக்கத்தை 192.168.1.10 ஆக்கினேன். இப்போது 2 முதல் 9 வரை யாருக்கும் தானாகப் போகாது. அதில் 2 மாடிப் பெட்டிக்கு. இதைச் செய்யாமல் விட்டால் என்றாவது ஒருநாள் யாரோ ஒருவரின் போனுக்கு 192.168.1.2 கிடைத்து, மாடிப் பெட்டியோடு மோதும். அப்படி மோதினால் நெட் விட்டு விட்டு வரும், காரணம் லேசில் பிடிபடாது. அக்காவின் போனில் இருந்த 7ஆம் எண் அடுத்த முறை இணையும்போது மாறிவிடும், அது பிரச்சினையில்லை.

அடுத்து மாடிப் பெட்டி. அதன் பின்னால் நிறம் மாறி, `WAN` என்று எழுதிய ஒரு துளையும், `LAN` என்று எழுதிய நான்கு துளைகளும் இருந்தன. கீழிருந்து வரும் கேபிள் `WAN`இல் இருந்தது. முதலில் அதைக் கழற்றிவிட்டேன். கழற்றாமல் பெட்டியின் முகவரியை 192.168.1.2 ஆக மாற்றப் பார்த்தால் பல ரூட்டர்கள் ஏற்காது. வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும் என்று மறுக்கும், அல்லது தானாகவே வேறு எண்ணுக்குத் தாவிவிடும். கேபிள் வெளியே இருந்ததால் சிக்கலில்லாமல் மாறியது. பெட்டி அணைந்து எழுந்தது. போனை அதன் வைஃபையில் மறுபடி சேர்த்து, விவரத் திரையைப் பார்த்தேன். கேட்வே 192.168.1.2 என்று இருந்தது. மாற்றம் உறைத்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

மாடிப் பெட்டி முகவரி வழங்குவதை நிறுத்துவதுதான் அடுத்த வேலை. ஆனால் அதை நிறுத்தும் முன் வேண்டுமென்றே ஒரு சோதனை செய்து அத்தானுக்குக் காட்டினேன். `DHCP` ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளை `LAN` துளையில் சொருகினேன். பிறகு மாடியில் போனின் வைஃபையை அணைத்துப் போட்டேன். சிக்னல் முழுதாக இருந்தது, முகவரியும் 192.168.1.101 என்று ஒழுங்காக வந்தது. ஆனால் இணையம் இல்லை என்று போன் சொன்னது. காரணம் ஒரே வரியில் தெரிந்தது: `Gateway 192.168.1.2`. போன் வெளியே போகும் வழியை மாடிப் பெட்டியிடம் கேட்கிறது, அதன் `WAN` துளையோ காலியாகக் கிடக்கிறது.

இதை ஏன் காட்டினேன் என்றால், வீட்டில் இரண்டு பெட்டிகள் வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். இரண்டும் முகவரி வழங்கினால் எது முந்திப் பதில் சொல்கிறதோ அதையே போன் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே கேபிளில் இணைந்துவிட்டதால் ஹாலில் இருக்கும் போனும் மாடிப் பெட்டியின் பதிலை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் போனில் நெட் வரும், இன்னொருவர் போனில் வராது. அணைத்துப் போட்டால் சரியாகும், நாளைக்கு மறுபடி போகும். சிக்னலைக் குறை சொல்வார்கள், இணைப்புக் கொடுத்தவருக்குப் புகார் போகும். வருகிற போனிலும் வராத போனிலும் கேட்வே வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சோதனை முடிந்ததும் கேபிளைக் கழற்றி, 192.168.1.2 பக்கத்துக்குப் போய் `DHCP`யை நிறுத்திச் சேமித்தேன். மறுபடி அதே கேபிளை `LAN` துளையில் சொருகினேன். `WAN` துளை இனிமேல் காலியாகவே இருக்கும். அதில் தெரியாமல் யாரும் சொருகிவிடக் கூடாதென்று மேலே ஒரு துண்டு டேப் ஒட்டினேன்.

இந்த இடத்தில் போன் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கலாம். வைஃபையை அணைத்துப் போட்டும் மாறவில்லை என்றால், அந்தப் பெயரை `Forget` கொடுத்துவிட்டுக் கடவுச்சொல் அடித்து மறுபடி சேர்க்க வேண்டும். எந்தப் பெட்டியும் முகவரி தரவில்லை என்றால் ஆண்ட்ராய்ட் முகவரி வாங்க முயன்றுவிட்டுத் தோற்றதாகச் சொல்லும். ஐபோன் 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும், `Router` வரி காலியாக இருக்கும். 169.254 கண்ணில் பட்டால் சிக்னலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கேபிள் சரியான துளையில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மாடியில் அக்காவின் போனில் இப்போது 192.168.1.14, கேட்வே 192.168.1.1. பிரிண்டரைத் தேடச் சொன்னேன், பெயர் உடனே வந்தது. ஹால் டிவியும் வந்தது.

அதோடு ஒரு விஷயம் முளைத்தது. ஹால் வைஃபைக்கும் மாடி வைஃபைக்கும் பெயர் வேறு வேறு. ஹால் பெட்டியின் பட்டியலைத் திறந்து பார்த்த அத்தான், "வீட்ல இல்லாத போனெல்லாம் இருக்கே, யாராவது உள்ள வந்துட்டாங்களா?" என்று கேட்டார். யாரும் வரவில்லை. ஆண்ட்ராய்ட் 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனியாக ஒரு மேக் முகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. ஒரே போன் ஹாலில் ஒரு முகவரி, மாடியில் வேறு முகவரி என்று பட்டியலில் இரண்டு ஆளாக நிற்கும். விவரத் திரையில் `Randomized MAC` என்றோ, ஐபோனில் `Private Wi-Fi Address` என்றோ இருக்கும் வரியை எடுத்து, பட்டியலில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தோம். எல்லாம் வீட்டுப் போன்களே.

பிரிண்டருக்கு அந்த வழக்கம் இல்லை, அதன் மேக் முகவரி மாறாது. ஹால் பெட்டியின் `DHCP` பக்கத்தில் அந்த மேக்குக்கு 192.168.1.12 என்று நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன்.

பிரிண்டர் வேலை முடிந்தது. ஆனால் திரையில் இன்னொரு பாதி இருக்கிறது, சிக்னல். மாடியில் மூலை அறையில் நெட் மெதுவாக இருக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். விவரத் திரையில் சிக்னலை வார்த்தையில்தான் சொல்லும், `Excellent`, `Good`, `Fair` என்று. ஓர் அறைக்குள் இரண்டு இடத்தை ஒப்பிட அது போதாது. ஆண்ட்ராய்டில் எண்ணாகப் பார்க்க ஒரு வழி உண்டு. `About phone` பக்கத்தில் `Build number` வரியை ஏழு முறை தட்டினால் `Developer options` திறக்கும். அதில் `Wi-Fi verbose logging` என்பதைப் போட்டால், வைஃபை பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே சிக்னல் அளவு கழித்தல் குறியோடு எண்ணாக வரும். அதன் அலகு டிபிஎம். பார்த்து முடித்ததும் அணைத்துவிடலாம்.

கழித்தல் எண் என்பதால் பூஜ்யத்துக்கு அருகில் இருப்பதே வலுவானது. −50 மிக நல்ல சிக்னல். −67 வரை வீடியோ அழைப்பு நிம்மதியாக ஓடும். −80க்குக் கீழே போனால் இணைந்திருக்கும், ஆனால் திணறும். 10 குறைந்தால் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். ஆகவே −60க்கும் −80க்கும் இடையே நூறு மடங்கு வித்தியாசம். வளைவுகளில் ஒன்றிரண்டு குறைவது போலத் தெரிவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

மூலை அறையில் போன் இருந்த நிலை:

```
Frequency 5 GHz   சிக்னல் -79   Receive link speed 58 Mbps
```

இதில் `Frequency` வரிதான் துப்பு. மாடிப் பெட்டி பழையது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தரும். 5 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டினால் போன் இன்னும் ஹால் பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வைஃபை பெயரைப் பார்த்தேன், ஹால் பெயரேதான். அக்கா கீழிருந்து மேலே வரும்போது போன் பழைய இணைப்பை விடவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது 2.4ஐவிட அதிகமாகத் தேயும். எப்போது பெட்டி மாறுவது என்பதைப் போன்தான் தீர்மானிக்கிறது, பெட்டி அல்ல. சிக்னல் மிகவும் விழும்வரை பல போன்கள் மாறாது.

மாடிப் பெயரைத் தொட்டு இணைத்ததும் திரை மாறியது:

```
Frequency 2.4 GHz   சிக்னல் -48   Receive link speed 144 Mbps
```

வேகப் பரிசோதனையில் தரவிறக்கம் இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. இணைப்பு வேகம் 144 என்று காட்டினாலும் கையில் கிடைப்பது அதில் பாதி போல்தான் இருக்கும். இந்த எண் போனுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள காற்றுவழியின் கணக்கு மட்டுமே. பெட்டிக்கு அப்பால் ஃபைபரில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. சிக்னல் −45, இணைப்பு வேகம் 144, அப்படியும் எதுவும் திறக்கவில்லை என்றால் குறை வைஃபையில் இல்லை. உலாவியில் 192.168.1.1 அடித்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் பக்கம் திறந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி, கோளாறு வெளியே. அப்போதுதான் இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர் வைக்கலாமா என்று அத்தான் கேட்டார். நிறையப் பேர் அப்படித்தான் வைப்பார்கள், மாடிப்படியில் நடக்கும்போது தானாக மாறும் என்ற நம்பிக்கையில். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரண்டு பழைய பெட்டிகளுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கேட்வே இப்போது இரண்டு தளத்திலும் 192.168.1.1தான். பெயரும் ஒன்றாகிவிட்டால், போன் எந்தப் பெட்டியில் தொங்குகிறது என்று அறிய விவரத் திரையில் சிக்னலும் அலைவரிசையும் தவிர ஒன்றும் மிஞ்சாது. ஹால் பெட்டியும் 2.4 தரும் என்பதால் அலைவரிசையும் சில நேரம் கைவிடும். பெயர் வேறாக இருந்தால் அக்காவே பார்த்து, மாடிக்கு வந்ததும் ஒரு தட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக இரண்டு பெட்டிகளின் 2.4 சேனலையும் பார்த்தேன். இரண்டும் 6இல் இருந்தன. ஒன்றை ஒன்று இடைஞ்சல் செய்யும். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று விழாதவை. அக்கம்பக்கத்து வைஃபைகளில் 11 வலுவாக இருந்ததால் மாடியை 1க்கு மாற்றினேன். இதனால் சிக்னல் எண் கூடாது, அது −48ஆகவே இருந்தது. இரவில் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் வேகம் விழுவதுதான் குறையும்.

மொட்டை மாடிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இன்னும் −82தான் வருகிறது. அங்கே உட்கார்ந்து அத்தான் போன் பேச வேண்டுமென்றால் மாடிப் பெட்டியைச் சுவரோரத்திலிருந்து வாசல் பக்கம் நகர்த்த வேண்டும், அதற்குக் கேபிள் இன்னும் சில மீட்டர் நீளமாக வேண்டும். அதை வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.